பரிசு கேட்டு ஒரு கடிதம்: கடைக்காரர் எங்கே நிறுத்துகிறார்?

நேயர்களுக்கு வணக்கம். பலதுறைத் தொழிற்கல்லூரி மன்றம் ஒன்று கைப்பேசி விளையாட்டுப் போட்டி நடத்துகிறது. பரிசுப் பொருள் தரும்படி தேக்கா பக்கத்தில் உள்ள ஒரு கைப்பேசித் துணைக்கருவிக் கடைக்குக் கடிதம் எழுத வேண்டும். அந்த ஒரு கடிதத்தைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

இப்படிப்பட்ட கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை. முதல் பத்தி மன்றத்தின் பெருமை. இரண்டாம் பத்தி இளையர் வளர்ச்சி. கடைசியில், "தங்களால் இயன்ற ஆதரவை நல்குமாறு கேட்டுக்கொள்கிறோம்." கல்லாவில் நிற்பவர் இதைப் படித்துவிட்டுக் கேட்பது ஒரே கேள்விதான்: "சரி தம்பி, என்ன வேணும், எத்தனை வேணும்?" அதற்குப் பதில் கடிதத்தில் இருக்காது. பதில் இல்லாத கடிதம் கல்லாவுக்குக் கீழே போய்விடும்.

ஆகவே எண்ணிக்கையிலிருந்து தொடங்குவோம். மொபைல் லெஜண்ட்ஸ் விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் அணிக்கு ஐந்து பேர், பெரும்பாலும் மாற்று ஆட்டக்காரர் ஒருவர். "முதல் பரிசு: கம்பியில்லாக் காதொலிப்பான்" என்று மட்டும் எழுதினால் கடைக்காரர் ஒரு பெட்டியை எடுத்து வைப்பார். மன்றம் மனத்தில் வைத்திருப்பது ஆறு. போட்டி நாளில் ஆறு பேர் ஒரு பெட்டிக்கு முன்னால் நிற்பார்கள். மாற்று ஆட்டக்காரருக்குப் பரிசு உண்டா இல்லையா என்பதை விதிமுறையில் முதலில் முடிவு செய்துவிட்டு, அந்த எண்ணைத்தான் கடிதத்தில் எழுத வேண்டும்.

மூன்றாம் பரிசில் இன்னொரு பொறி இருக்கிறது. தோற்றால் வெளியேறும் முறையில் பதினாறு அணி ஆடினால் மொத்தம் பதினைந்து ஆட்டம். அரையிறுதியில் இரண்டு அணிகள் தோற்கும். அவற்றுக்கிடையே மூன்றாம் இடத்துக்குத் தனி ஆட்டம் வைத்தால் ஆட்டம் பதினாறாகும், பரிசு ஆறு. நேரம் போதாது என்று அந்த ஆட்டத்தைக் கைவிட்டால் இரண்டு அணிக்கும் கொடுக்க வேண்டும், பரிசு பன்னிரண்டு. மண்டபத்தை எத்தனை மணிக்கு ஒப்படைக்க வேண்டும் என்பதே பரிசின் எண்ணிக்கையை மாற்றிவிடும். போட்டி அட்டவணையைப் போடாமல் கடிதம் எழுத உட்காரக் கூடாது.

இப்போது ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். விலைகள் எடுத்துக்காட்டுக்குத்தான், கடையில் ஒட்டியிருக்கும் விலையைப் பார்த்து நீங்கள் மாற்றிக்கொள்ளலாம். முதல் பரிசு, காதொலிப்பான் ஆறு, ஒன்று 45 வெள்ளி: 270 வெள்ளி. இரண்டாம் பரிசு, 10,000 எம்ஏஎச் பவர் பேங்க் ஆறு, ஒன்று 28 வெள்ளி: 168 வெள்ளி. மூன்றாம் பரிசு, சார்ஜர் ஆறு, ஒன்று 15 வெள்ளி: 90 வெள்ளி. மொத்தம் 528 வெள்ளி. இதைக் கடிதத்தில் மூன்று வரியாக, தனித்தனி மதிப்போடு போடுங்கள். "இவற்றில் எந்த ஒரு வரிசையை ஏற்றாலும் நன்றி" என்ற வாக்கியத்தையும் சேருங்கள். 528 வெள்ளிக்கு முடியாது என்று சொல்பவர் 90 வெள்ளிக்குச் சரி என்று சொல்ல அந்த வாக்கியம் இடம் தருகிறது. ஒட்டுமொத்தமாகக் கேட்டால் அவருக்கு ஆம், இல்லை என்ற இரண்டே வழிதான்.

ரொக்கத்தைவிடப் பொருள் கேட்பதே நல்லது. 45 வெள்ளி விலையுள்ள பொருள் கடைக்காரருக்கு அதைவிடக் குறைவான அடக்கவிலையில்தான் வந்திருக்கும். அதே மதிப்பைக் கொடுக்க அவர் கையிலிருந்து போவது குறைவு. அடக்கவிலை என்ன என்று மாணவர்கள் கேட்க வேண்டாம். அது அவருடைய வியாபார ரகசியம், கேட்டால் முகம் மாறிவிடும். விளையாட்டுக்குள் செலவழிக்கும் வைரங்களையும் இந்தக் கடையிடம் கேட்க வேண்டாம். அவற்றை ஏற்ற ஒவ்வோர் ஆட்டக்காரரின் அடையாள எண்ணும் சர்வர் எண்ணும் தேவை. ஓர் எண் தவறினால் வைரம் வேறு யாருக்கோ போய்ச் சேரும், திரும்ப வாங்குவது பெரும் பாடு.

பொருளின் தன்மையையும் ஒரு வரியில் குறிப்பிடுங்கள். சுவரில் செருகும் சார்ஜராக இருந்தால் சிங்கப்பூரின் பாதுகாப்புச் சின்னம் பொறித்த மூன்று முனைச் செருகி வேண்டும். பழைய இருப்பில் கிடந்த இரண்டு முனைச் சார்ஜரைத் தள்ளிவிட நினைப்பவர்களும் உண்டு. எல்லாக் கடைக்காரர்களையும் சொல்லவில்லை. காதொலிப்பானுக்கும் பவர் பேங்குக்கும் உத்தரவாத அட்டையில் கடை முத்திரையும் தேதியும் வேண்டும். பரிசாகப் பெற்றவரிடம் ரசீது இருக்காது. ஒரு வாரத்தில் ஒரு பக்கக் காதொலிப்பான் வேலை செய்யாவிட்டால் அவர் எதைக் காட்டி மாற்றுவார்?

அடுத்தது, பதிலுக்கு மன்றம் என்ன தரும். இந்த இடத்தில்தான் மிகுதியான பொய் எழுதப்படுகிறது, தெரிந்தோ தெரியாமலோ. "500 பேர் திரண்டு வருவார்கள்" என்று எழுதுகிறார்கள். பதினாறு அணி, அணிக்கு ஆறு பேர் என்றால் ஆட்டக்காரர்கள் 96. பதிவு முடியும்வரை உறுதியாகச் சொல்லக்கூடிய உச்ச எண் அதுதான். பார்வையாளர் எண்ணிக்கைக்குச் சென்ற ஆண்டின் வருகைப்பதிவு இருந்தால் அதைப் போடுங்கள், இல்லையென்றால் எழுதாமல் விடுங்கள்.

கடைக்குப் பயன்படுவது அவரால் எண்ணிப் பார்க்கக்கூடிய ஒன்று. சுவரொட்டியில் சின்னம் போடுவதை எல்லாரும் தருகிறார்கள். அதனால் எத்தனை பேர் கடைக்கு வந்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. அதோடு ஒரு தள்ளுபடிச் சீட்டையும் சேருங்கள். ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரு சீட்டு, போட்டி முடிந்து பதினான்கு நாள் செல்லும், மாணவர் அட்டையோடு காட்ட வேண்டும். கல்லாவில் சேரும் சீட்டுகளை எண்ணினால் போட்டியால் எத்தனை பேர் வந்தார்கள் என்று கடைக்காரருக்கே தெரிந்துவிடும். தள்ளுபடி எவ்வளவு என்பதை அவரே தீர்மானிக்கட்டும்.

இரண்டு வாக்குறுதிகளை எழுதக் கூடாது. முதலாவது, வளாகத்தில் விற்பனை மேசை. வெளியார் வளாகத்துக்குள் விற்பதற்குக் கல்லூரியின் அனுமதி தேவை. அனுமதி கைக்கு வரும்முன் எழுதிக் கொடுத்தால், பிறகு மன்னிப்புக் கேட்டு இன்னொரு கடிதம் எழுத வேண்டியிருக்கும். இரண்டாவது, ஆட்டக்காரர்களின் தொலைபேசி எண்கள். கடைக்காரர் வெள்ளந்தியாகவே கேட்பார்: "அந்த வாட்ஸ்அப் லிஸ்ட்டைக் கொஞ்சம் அனுப்புங்களேன்." 2012ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பதிவுக்காகக் கொடுத்த எண்ணை, கொடுத்தவரின் சம்மதமில்லாமல் விளம்பரத்துக்குக் கைமாற்றக் கூடாது. அதற்குப் பதிலாக, கடையின் கியூஆர் குறியீட்டை மேசையில் ஒட்டிவைக்கலாம் என்று எழுதுங்கள். விருப்பமுள்ளவர் தானே சேர்ந்துகொள்வார்.

போட்டியாளர் கடை பற்றியும் ஒரு வரி வேண்டும். ஒரே கட்டடத்தில் வரிசையாக ஐந்து கைப்பேசிக் கடைகள் இருக்கும். ஒரே கடிதத்தை ஐந்துக்கும் கொடுத்தால் மாலைக்குள் ஐவருக்கும் விஷயம் தெரிந்துவிடும். "கைப்பேசித் துணைக்கருவிப் பிரிவில் தங்கள் கடை மட்டுமே" என்று எழுதி, பதிலுக்கு ஒரு கெடு வைத்து, அது முடிந்த பிறகே அடுத்த கடைக்குப் போங்கள். மீதிப் பரிசு வரிசைக்கு உணவகத்தையோ உடற்பயிற்சிக் கூடத்தையோ கேட்கலாம். விளையாட்டு நிறுவனத்தின் சமூகப் போட்டி விதிகளையும் முன்னதாகப் படித்துவிடுங்கள். மதுபானம், சூதாட்டம் போன்ற துறையினரை ஆதரவாளராகச் சேர்க்கக் கூடாது என்று சில நிறுவனங்கள் விதித்திருக்கின்றன.

வரி பற்றி மாணவர்கள் வாக்குக் கொடுக்கவே கூடாது. "இதற்கு 250 விழுக்காடு வரிக்கழிவு உண்டு" என்று யாரோ சொல்லக் கேட்டு எழுதிவிடுகிறார்கள். அந்தக் கழிவு, அங்கீகாரம் பெற்ற பொதுநல அமைப்புகளுக்குத் தரும் தகுதியான நன்கொடைகளுக்கானது. மன்றத்தின் போட்டிப் பரிசு அதில் தானாகச் சேர்ந்துவிடாது. ஜிஎஸ்டிக்குப் பதிந்துள்ள கடையாக இருந்தால் கணக்காளர் இன்னொன்றையும் பார்ப்பார். அன்பளிப்பின் அடக்கவிலை 200 வெள்ளியைத் தாண்டி, அதை வாங்கியபோது கட்டிய வரியைக் கடை திரும்பக் கோரியிருந்தால், அந்தப் பொருளுக்கு வரி கணக்குக் காட்ட வேண்டும். பதிலுக்கு விளம்பரம் கிடைத்தால் அதை வெறும் அன்பளிப்பாகக் கொள்ளலாமா என்பதும் அவர் பார்க்க வேண்டிய விஷயம். மாணவர் செய்யவேண்டியது இவ்வளவுதான்: பொருள், எண்ணிக்கை, மதிப்பு, பதிலுக்குத் தருவது எல்லாவற்றையும் மறைக்காமல் எழுதுவது. மீதியைக் கணக்காளர் பார்த்துக்கொள்வார்.

கடிதத்தின் நடுப்பகுதி எப்படி இருக்கும் என்று, மூன்று பரிசு வரிகளில் மூன்றாவதை மட்டும் எடுத்துக்கொண்டு வாசித்துக் காட்டுகிறேன்.

"மதிப்பிற்குரிய ஐயா, எங்கள் மன்றம் நடத்தும் மொபைல் லெஜண்ட்ஸ் போட்டியில் பதினாறு அணிகள், அதிகபட்சம் 96 மாணவர்கள் பங்கேற்பார்கள். மூன்றாம் பரிசாக, பாதுகாப்புச் சின்னம் பொறித்த சார்ஜர் ஆறு, கடை விலைப்படி சுமார் 90 வெள்ளி மதிப்புள்ளவை, தங்கள் கடையிலிருந்து தந்துதவ வேண்டுகிறோம். பதிலுக்குச் சுவரொட்டியிலும் நேரலைத் திரையிலும் தங்கள் சின்னம் இடம்பெறும். 96 தள்ளுபடிச் சீட்டுகளை நாங்களே அச்சிட்டு வழங்குவோம். எட்டு அணிகளுக்குக் குறைவாகப் பதிவானால் மூன்றாம் பரிசு இருக்காது. பொருளைப் பெட்டி பிரிக்காமல் திருப்பித் தருவோம்."

கடைசி வாக்கியத்தைப் பல மன்றங்கள் எழுதத் தயங்குகின்றன, தோல்வியை முன்கூட்டியே ஒப்புக்கொள்வது போலிருக்கிறதாம். கடைக்காரர் அதை அப்படிப் படிப்பதில்லை. பொருள் வீணாகாது என்றுதான் படிக்கிறார்.

கீழே ஆலோசகர் ஆசிரியரின் கையொப்பம், கல்லூரி முகவரி, அலுவல் மின்னஞ்சல். ஒரே பக்கத்துக்குள் முடியட்டும். அடியில் வெட்டிக் கொடுக்கும்படி ஒரு பதில் சீட்டு: ஏற்கும் வரிசை, பொருள் தரும் தேதி, கையொப்பம். பொருளைப் போட்டிக்கு ஒரு வாரம் முன்பே வாங்கிவிடுங்கள். அன்று காலை தருகிறேன் என்பவர் அன்று கடை திறக்காமலும் இருக்கலாம்.

போட்டிக்கு ஆறு வாரம் முன்னால் கடிதம் போய்ச் சேர வேண்டும். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் சிராங்கூன் சாலைக் கடைகளில் யாருக்கும் காகிதம் பார்க்க நேரமில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலையும் அப்படித்தான். வாரநாளில், கடை திறந்து ஒரு மணி நேரம் கழித்துப் போங்கள். கல்லாவில் இருப்பவர் உரிமையாளரா என்று கேட்டுக்கொண்டு, இல்லையென்றால் அவர் எப்போது வருவார் என்று தெரிந்துகொண்டு, கடிதத்தை உரிமையாளர் கையிலேயே கொடுங்கள். "பார்க்கலாம்" என்று சொன்னால், "வியாழக்கிழமை வந்து சீட்டை வாங்கிக்கலாமா அண்ணே?" என்று ஒரு நாளைக் குறித்துக் கேளுங்கள். அன்று மறக்காமல் போங்கள்; அன்றும் அதே பதில் வந்தால் நன்றி சொல்லிவிட்டு அடுத்த கடைக்கு நடக்கலாம்.