எண்ணெய் வழியும் பரு முகத்துக்கு மாய்ஸ்சரைசர் ஏன்?

[காட்சி: ஒரே முகம், இரண்டு நெருக்கக் காட்சிகள். பளபளக்கும் நெற்றி; தோல் உரியும் வாயோரம்.]

மதியத்துக்குள் நெற்றியும் மூக்கும் எண்ணெயில் மின்னுகின்றன. வாயோரத்திலோ தோல் உரிகிறது. ஒரே முகத்தில் இது எப்படி நடக்கிறது?

மேலே வழிவது எண்ணெய். தோலின் மேலடுக்கில் குறைந்திருப்பது தண்ணீர். அந்தத் தண்ணீரை உள்ளேயே பிடித்துவைப்பது, மேலடுக்கின் செல்களுக்கு நடுவே இருக்கும் செராமைடு போன்ற கொழுப்புகள். துளை வழியாக வெளியே வரும் எண்ணெய் அந்த வேலையைச் செய்வதில்லை. அதனால் முகத்தில் எண்ணெய் எவ்வளவு வழிந்தாலும் தோல் வறண்டுபோகலாம்.

மாய்ஸ்சரைசர் போடாவிட்டால் தோல் அதை ஈடுகட்ட இன்னும் எண்ணெய் சுரக்கும் என்று பல வீடியோக்களில் கேட்டிருப்பீர்கள். அதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது. எண்ணெய்ச் சுரப்பைப் பெரும்பாலும் முடிவு செய்வது ஆண்ட்ரோஜன் ஹார்மோன்கள். மாய்ஸ்சரைசரைத் தவிர்ப்பதால் வரும் உண்மையான நஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது: பருவுக்குப் போடும் மருந்தைத் தொடர முடியாமல் போகிறது.

[காட்சி: ஃபேஸ்வாஷ், அடாபலீன் ட்யூப். பக்கத்தில் நாட்காட்டி.]

ஒருவர் இரவில் பருவுக்கான 0.1 சதவீத அடாபலீன் ஜெல்லைத் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். பகலில் சாலிசிலிக் அமிலம் உள்ள ஃபேஸ்வாஷால் மூன்று முறை முகம் கழுவுகிறார். 'எண்ணெய் முகம்தானே' என்று மாய்ஸ்சரைசர் போடுவதில்லை. சில நாட்களில் மூக்கின் ஓரமும் வாயோரமும் சிவந்து, உரிந்து, வெறும் தண்ணீர் பட்டாலே எரிகின்றன. மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்திவிடுகிறார். அடாபலீன் முழுப் பலன் காட்ட ஏறக்குறைய 12 வாரம் ஆகும். எரிச்சலோ முதல் சில வாரங்களில்தான் அதிகம். பலன் தெரிவதற்கு வெகு முன்பே மருந்தைக் கைவிட்டதால் பரு அப்படியே நிற்கிறது.

இவர் செய்ய வேண்டியது: எரிச்சல் அடங்கும்வரை சில நாட்கள் மருந்தை நிறுத்தி, மென்மையான ஃபேஸ்வாஷால் காலையும் இரவும் மட்டும் கழுவி, லேசான ஜெல் மாய்ஸ்சரைசர் போட வேண்டும். தோல் தேறியதும், ஒருநாள் விட்டு ஒருநாள் இரவில் மருந்தை மீண்டும் தொடங்கலாம். முகம் நன்றாக உலர்ந்தபின் முதலில் மாய்ஸ்சரைசர் ஜெல், சில நிமிடம் கழித்துப் பட்டாணி அளவு அடாபலீன். அந்தப் பட்டாணி முழு முகத்துக்கும் சேர்த்து. பரு ஒவ்வொன்றுக்கும் அல்ல. (கர்ப்பமாக இருப்பவர்களும் அதற்குத் திட்டமிடுபவர்களும் அடாபலீன் போடக் கூடாது.)

[காட்சி: ஜெல் டப்பாவின் பின்பக்கம். பொருட்கள் பட்டியலில் விரல் நகர்கிறது.]

மாய்ஸ்சரைசர் ஜெல் வாங்கும்போது முன்பக்க வாசகங்களை நம்ப வேண்டாம். 'துளைகளை அடைக்காது' என்பது நல்ல அறிகுறிதான், ஆனால் அதற்கென்று எல்லோரும் பின்பற்றும் ஒரே சோதனை கிடையாது. டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். அதிகம் உள்ள பொருள்தான் பட்டியலில் முதலில் வரும்.

தண்ணீருக்கு அடுத்த சில பெயர்களுக்குள் கிளிசரின் இருக்கட்டும். அது ஈரத்தை இழுக்கும். கூடவே டைமெத்திகோன் இருப்பது நல்லது. அது எண்ணெய்ப்பசை இல்லாமல் மேலே மெல்லிய படலமாகி, ஈரம் ஆவியாவதைக் குறைக்கும். ஹையலுரானிக் அமிலம் மட்டுமே உள்ள நீர்த்த ஜெல்கள் போட்டதும் குளுகுளுவென்று இருக்கும், சற்று நேரத்தில் முகம் இறுகும். தடுக்கும் படலம் இல்லாததுதான் காரணம். கற்றாழை ஜெல்லை மட்டும் பூசுகிறவர்களுக்கும் இதே கதைதான். வைட்டமின் பி3-இன் ஒரு வடிவமான நியாசினமைடு இருந்தால் கூடுதல் லாபம்.

பட்டியலின் தொடக்கத்திலேயே ஆல்கஹால் டினாட் வந்தால் விட்டுவிடுங்கள். 'ஜெல்' என்ற பெயரில் சட்டென உலர வைப்பது பல சமயம் அதுதான். நறுமணம், தேங்காய் எண்ணெய், கொக்கோ வெண்ணெய், ஐசோப்ரொபைல் மிரிஸ்டேட் ஆகியவை உள்ளதையும் தவிர்க்கலாம்.

[காட்சி: முகத்தில் ஐந்து இடங்களில் சிறு புள்ளிகளாக ஜெல்.]

முகம் முழுவதற்கும் இரண்டு பட்டாணி அளவு போதும். முதலில் தாடையோரம் சில நாட்கள் போட்டுப் பாருங்கள். எரிச்சல் வருவதானால் பெரும்பாலும் அதற்குள் தெரியும். ஆனால் துளை அடைப்பு அவ்வளவு சீக்கிரம் தெரியாது. சிறு சிறு வெண்முனைப் பருக்கள் வர வாரக்கணக்கில் ஆகலாம். அதனால் மருந்து, ஃபேஸ்வாஷ், ஜெல் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால், எதனால் என்ன வந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

காலையில் சன்ஸ்கிரீனைத் தேய்க்கும்போது ஜெல் திரிதிரியாக உருண்டு வந்தால், அளவைக் குறைத்து, ஐந்து நிமிடம் விட்டு, தேய்க்காமல் ஒற்றிப் போடுங்கள். சன்ஸ்கிரீனே போதிய ஈரம் தருகிறது என்றால் காலை ஜெல்லை விட்டுவிடலாம். மருந்து போடும் இரவுகளில் மட்டும் விடாதீர்கள்.