பின்னட்டையில் நான்கு வரி

வணக்கம். வீட்டில் எங்காவது ஒரு நோட்டு கிடக்கும். பால் கணக்கு எழுதியதாக இருக்கலாம், பிள்ளையின் கணக்குப் பாடமாக இருக்கலாம். கைக்கு எட்டினால் எடுத்துப் பின்னட்டையைத் திருப்பிக்கொள்ளுங்கள். நான் பேச வந்தது அந்த இடத்தில் அச்சாகும் வரிகளைப் பற்றித்தான்.

நாங்கள் பழைய காகிதத்தில் நோட்டு செய்து விற்கிறவர்கள். ஆரம்பத்தில் பின்னட்டையில் ஒரே வரிதான் போட்டிருந்தோம்: '100 சதவீதம் மறுசுழற்சி'. பார்க்க அழகாக இருந்தது. ஒருநாள் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் போன் செய்தார். "தம்பி, நோட்டைப் பிரிச்சுப் பார்த்தேன். தைச்ச நூல் புதுசு, ஒட்டின பசை புதுசு. இதுல நூறு எங்கேர்ந்து வந்துச்சு?" எனக்குப் பதில் வரவில்லை. "சரி, தாளாவது நூறா?" என்று விடாமல் கேட்டார். அதுவும் இல்லை.

ஏன் இல்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். காகிதம் என்பது கோடிக்கணக்கான நார்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பது. பழைய தாளைக் கரைத்துக் கூழாக்கும்போது அந்த நார் கொஞ்சம் உடைகிறது. காயும்போது கொஞ்சம் விறைத்தும் போகிறது. சில சுற்று போனால் பிடிப்பே இருக்காது, தாள் பொலபொலவென்று கிழியும். அதனால் ஓரளவு புதிய கூழ் சேர்த்த தாளைத்தான் நாங்கள் வாங்குகிறோம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மறைத்ததுதான் தப்பு.

இப்போது போடும் வரிகளைப் படிக்கிறேன். 'உள்தாள்: பழைய காகிதம் 70, புதிய கூழ் 30. அட்டை: பனியன் கம்பெனி வெட்டுத்துண்டு, பருத்தி. தையல்: பருத்தி நூல். முதுகு: மயில்துத்தம் கலந்த மைதா பசை.' அவ்வளவுதான், நான்கு வரி.

அட்டையைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகப் பேசுவேன், அது என் பலவீனம். திருப்பூர்ப் பக்கம் பனியன் தைக்கும்போது விழும் துண்டுகளை மூட்டையாக வாங்குகிறோம். உடுத்திக் கிழிந்த துணி இல்லை, வெட்டுமேசை மிச்சம். அதைத்தான் 'வெட்டுத்துண்டு' என்று எழுதுகிறோம், பழைய துணி என்று எழுதுவதில்லை. நறுக்கித் தண்ணீரோடு பீட்டர் என்ற கூழடிக்கும் இயந்திரத்தில் மணிக்கணக்கில் அடித்தால் கூழாகும். சல்லடைச் சட்டத்தில் அள்ளி, துணிமேல் கவிழ்த்து, அழுத்திக் காயவைத்தால் அட்டை.

இதில் வில்லன் யார் தெரியுமா? லைக்ரா, பாலியெஸ்டர். மூட்டையில் ஒரு கைப்பிடி கலந்திருந்தாலும் போதும், எவ்வளவு அடித்தாலும் மசியாது. அட்டையில் மினுங்கும் இழையாக, சிறு முடிச்சாகத் துருத்திக்கொண்டு நிற்கும். அதனால் ஒவ்வொரு மூட்டையிலும் பல இடத்திலிருந்து நாலு இழை உருவி, இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பார்ப்போம். பருத்தி காகிதம் எரியும் வாசனையோடு சாம்பலாகும், தொட்டால் உதிரும். பாலியெஸ்டர் உருகிச் சுருண்டு கடினமான மணியாக நிற்கும். பின்னட்டையில் 'பருத்தி' என்ற ஒரு சொல்லைப் போட இத்தனை பாடு.

சரி, எழுதி முடித்த நோட்டை என்ன செய்வது? டீச்சர் அதையும் கேட்டார். முதலில் எழுதாத தாள்களைப் பிரித்து எடுங்கள். தையல் நோட்டு என்பதால், நடுப்பக்கத்தில் தெரியும் நூலை வெட்டினால் தாள் முழுசாக வரும். நாலு நோட்டின் மிச்சம் சேர்ந்தால் ஒரு புது நோட்டு.

எழுதிய தாளைத் தபால்தலை அளவுக்குக் கிழித்து ராத்திரி முழுக்க ஊறவையுங்கள். ஒரு கைப்பிடிக்கு மிக்சி ஜாரில் முக்கால் அளவு தண்ணீர், விட்டு விட்டு நாலைந்து சுற்று. சட்னி மாதிரி அரைத்துவிடாதீர்கள், நார் வெட்டுப்பட்டுவிடும். அகலமான டப்பில் கூழை விட்டு நிறையத் தண்ணீர் சேர்த்துக் கலக்குங்கள். பழைய போட்டோ சட்டத்தில் கொசுவலை கட்டி, அதால் அள்ளி, பருத்தித் துணிமேல் கவிழ்த்து ஒற்றுங்கள். நிழலில் காயட்டும், வெயிலில் சுருளும். தாள் சாம்பல் நிறமாகத்தான் வரும், மை அதற்குள்தானே இருக்கிறது. பேனா மை ஊறிப் பரவினால், காய்ந்த தாள்மேல் மெல்லிய அரிசிக் கஞ்சி தடவுங்கள். மிச்சக் கூழை மட்டும் சிங்க்கில் கொட்டாதீர்கள், குழாய் அடைத்துக்கொள்ளும். வடிகட்டி உருட்டிக் காயவையுங்கள்.

நேரம் ஆகிவிட்டது என்று ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். செடி உரம் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். சாயம் போடாத அட்டையையும் நூலையும் துண்டாக்கி மக்கவைக்கலாம். முதுகுப் பகுதியை மட்டும் வெட்டி எடுத்துவிடுங்கள். பூச்சி அரிக்காமல் இருக்கப் பசையில் போட்ட மயில்துத்தம் அங்கேதான் இருக்கிறது, அது மண்ணுக்கு வேண்டாம். பளபளவென்று பிளாஸ்டிக் ஒட்டிய அட்டை, அது எங்களுடையது இல்லை, இருந்தாலும் சொல்கிறேன், எதற்கும் ஆகாது. வணக்கம்.