ப்ரொபேஷன் சம்பளமும் கன்ஃபர்மேஷன் அரியர்ஸும்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். தனியார் நிறுவன ஆஃபர் லெட்டர்களில் இப்போது அடிக்கடி தென்படும் ஒரு ஏற்பாட்டைப் பற்றி இன்று பேசலாம். முதல் ஆறு மாதம் தகுதிகாண் பருவம், அதாவது ப்ரொபேஷன். அந்தக் காலத்தில் முழுச் சம்பளத்தில் 80 சதவீதம்தான் கைக்கு வரும். பணி உறுதியானதும் முழுச் சம்பளம். கேட்பதற்கு எளிமையாக இருக்கிறது. ஆனால் உறுதிக் கடிதம் இரண்டு மாதம் தாமதமாக வரும்போதுதான் கேள்வி கிளம்புகிறது. அந்த இரண்டு மாதத்துக்கு எந்தச் சம்பளம்? மீதி 20 சதவீதம் நிலுவையாக வருமா, வராதா?

சீனாவில் ப்ரொபேஷன் சம்பளம் 80 சதவீதத்துக்கும், வியட்நாமில் 85 சதவீதத்துக்கும் கீழே போகக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. இந்தியாவில் தனியார் துறைக்கு அப்படி ஒரு சதவீதம் வகுக்கப்படவில்லை. 90 என்றாலும் 70 என்றாலும் அது இரு தரப்பும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தைப் பொறுத்தது. கீழே இருக்கும் ஒரே தரை, அந்த வேலைக்கு அரசு அறிவித்திருக்கும் குறைந்தபட்ச ஊதியம். தமிழ்நாட்டில் இந்தக் குறைந்தபட்ச ஊதியத்தின் அகவிலைப்படி ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் தேதி மாறும். ஜனவரியில் 80 சதவீதச் சம்பளத்தில் சேர்ந்தவருக்கு அன்றைக்குத் தரைக்குச் சற்று மேலே இருந்த தொகை, ஏப்ரலில் கீழே போய்விடலாம். அப்படிப் போனால் அந்த வித்தியாசத்தை உடனே தர வேண்டும். அதற்கும் பணி உறுதிக்கும் சம்பந்தமில்லை. சிறிய கடைகள், பட்டறைகள், பராமரிப்பு ஒப்பந்த நிறுவனங்களில் இதை யாரும் கவனிப்பதே இல்லை.

அடுத்து, உங்கள் கடிதத்தில் இருப்பது குறைத்த சம்பளமா, பிடித்துவைத்த சம்பளமா என்று பாருங்கள். இரண்டுக்கும் பண விளைவு வேறு. 'ப்ரொபேஷன் காலத்தில் மாதச் சம்பளம் 24,000, உறுதியான பின் 30,000' என்று இருந்தால் அது குறைத்த சம்பளம். அந்த ஆறு மாதத்துக்கு ஒப்புக்கொண்டதே 24,000தான். உறுதியான பிறகு 'பழைய ஆறு மாத வித்தியாசம் 36,000 எங்கே' என்று கேட்க இடமில்லை. 'மாதச் சம்பளம் 30,000, அதில் 20 சதவீதம் நிறுத்திவைக்கப்பட்டு உறுதியானதும் வழங்கப்படும்' என்று இருந்தால் கதையே வேறு. அந்த 36,000 நீங்கள் உழைத்துச் சம்பாதித்தது, நிறுவனத்திடம் இருக்கிறது, அவ்வளவுதான்.

கடிதம் குழப்பமாக இருந்தால் பே ஸ்லிப்பைப் பாருங்கள். வரவுப் பக்கத்தில் மொத்தமே 24,000 என்று இருந்தால் குறைத்த சம்பளம். வரவில் 30,000 காட்டி, பிடித்தப் பக்கத்தில் 'ஹோல்ட்' என்று 6,000 காட்டியிருந்தால் பிடித்துவைத்த சம்பளம். சம்பளத்தில் எதையெல்லாம் பிடிக்கலாம் என்று ஊதியச் சட்டத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது. ப்ரொபேஷன் முடியும்வரை நிறுத்திவைப்பது அந்தப் பட்டியலில் இல்லை. எனவே நடுவில் வேலையை விட்டாலும் அந்தப் பணத்தைக் கேட்கலாம் என்பது என் கருத்து. சில நிறுவனங்கள் இதைத் தெரிந்துகொண்டு, அதே 36,000-த்துக்கு 'கன்ஃபர்மேஷன் போனஸ்' என்று பெயர் வைக்கின்றன. அப்படி எழுதிவிட்டால் அது நிபந்தனைக்கு உட்பட்ட தொகை. உறுதியாகும் முன் வெளியேறுகிறவருக்கு வாங்குவது கடினம். ஆகவே கையெழுத்துப் போடும் முன்பே அந்தப் பெயரைக் கவனியுங்கள்.

இனி, அதிகம் பேருக்கு நடக்கும் விஷயத்துக்கு வருவோம். சம்பளம் குறைத்த சம்பளம்தான். ஆறு மாதமும் முடிந்துவிட்டது. கடிதம் மட்டும் வரவில்லை. முழுச் சம்பளம் எந்தத் தேதியிலிருந்து?

இதற்குப் பதில் உங்கள் நியமனக் கடிதத்தின் ப்ரொபேஷன் பத்தியில் இருக்கிறது. உச்ச நீதிமன்றம் 1968-இல் பஞ்சாப் அரசுக்கும் தரம் சிங்குக்கும் இடையிலான வழக்கில் ஒரு கோட்பாட்டைச் சொன்னது. ப்ரொபேஷனுக்கு அதிகபட்சக் காலம் விதியிலேயே குறிக்கப்பட்டு, அதற்கு மேல் நீட்டிக்க அதிகாரமும் இல்லாதபோது, அந்தக் காலம் தாண்டியும் ஒருவரை வேலையில் வைத்திருந்தால், அவர் உறுதி செய்யப்பட்டவராகவே கருதப்படுவார். அது அரசு ஆசிரியர்கள் சம்பந்தப்பட்ட வழக்கு. ஆனால் நியமனக் கடிதத்தை வாசிக்கும் முறைக்கு இன்றைக்கும் அதுவே வழிகாட்டி. 2001-இல் சத்ய நாராயண் ஜாவர் வழக்கில் நீதிமன்றம் இதை இன்னும் பிரித்துச் சொன்னது. எழுத்துபூர்வமாக உறுதி செய்தால்தான் உறுதி என்று விதி இருந்தால், காலம் கடந்தது மட்டுமே போதாது.

நடைமுறையில் இதன் பொருள் என்ன? 'ஆறு மாதம், தேவைப்பட்டால் மேலும் மூன்று மாதம் மட்டும் நீட்டிக்கலாம்' என்று நிறுத்தியிருந்தால், ஒன்பது மாதம் தாண்டியதும் உங்கள் பக்கம் வலுவாக இருக்கிறது. 'எழுத்துபூர்வமாக உறுதி செய்யப்படும்வரை ப்ரொபேஷனிலேயே இருப்பதாகக் கருதப்படும்' என்ற ஒரு வரி கூடவே இருந்தால் அந்த வலு போய்விடுகிறது. பெரிய நிறுவனக் கடிதங்களில் இந்த வரி பெரும்பாலும் இருக்கிறது. அப்போது உங்களுக்கு முக்கியம், கடிதம் என்றைக்குக் கைக்கு வந்தது என்பதல்ல. அதில் 'இன்ன தேதி முதல்' என்று எந்தத் தேதி போட்டிருக்கிறார்கள் என்பதுதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் ஜனவரி 10-ஆம் தேதி சேருகிறார். முழுச் சம்பளம் 30,000, ப்ரொபேஷனில் 24,000. ஆறு மாதம் ஜூலை 9-இல் முடிகிறது. உறுதிக் கடிதம் செப்டம்பர் 18-இல் வருகிறது, 'ஜூலை 10 முதல்' என்று. மாத வித்தியாசம் 6,000. ஜூலையில் 10 முதல் 31 வரை 22 நாள். 6,000-ஐ 31-ஆல் வகுத்து 22-ஆல் பெருக்கினால் 4,258 ரூபாய். ஆகஸ்டுக்கு முழு 6,000. செப்டம்பர் சம்பளப் பட்டியல் முடிவதற்குள் கடிதம் வந்துவிட்டதால் அந்த மாதம் நேராக 30,000-ஆகவே வரும். ஆக நிலுவை 10,258 ரூபாய்.

இதே 22 நாளுக்குச் சில நிறுவனங்கள் எல்லா மாதத்தையும் 30 நாளாகக் கணக்கிட்டு 4,400 தருவார்கள். இரண்டும் வழக்கத்தில் உள்ளவைதான். சம்பளமில்லா விடுப்புக்கு உங்களிடம் பிடிக்கும்போது எந்த வகுத்தியை எடுத்தார்களோ, நிலுவைக்கும் அதையே எடுக்க வேண்டும். பிடிக்க ஒரு கணக்கு, கொடுக்க ஒரு கணக்கு கூடாது. ஆகஸ்டில் நீங்கள் இரண்டு நாள் சம்பளமில்லா விடுப்பு எடுத்திருந்தால் அந்த மாத நிலுவையும் 29 நாளுக்குத்தான், அதாவது 5,613 ரூபாய். அதில் தவறில்லை.

இந்த 10,258 அப்படியே கைக்கு வராது. பேசிக் சம்பளம் முழுச் சம்பளத்தில் பாதி என்று வைத்துக்கொள்வோம். ப்ரொபேஷனில் பேசிக் 12,000, பி.எஃப். பிடித்தம் 12 சதவீதம், 1,440. உறுதியான பின் பேசிக் 15,000, பிடித்தம் 1,800. மாதத்துக்கு 360 கூடுகிறது. நம் கணக்கில் ஜூலை நாட்களுக்கு 255, ஆகஸ்டுக்கு 360, மொத்தம் 615 போக 9,643 ரூபாய் கிடைக்கும். ஆனால் நிறுவனமும் தன் பங்காக அதே 615-ஐக் கட்ட வேண்டும். இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். நிலுவையை 'இதரப் படி' என்று ஒரே வரியில் போட்டுக் கொடுத்துவிட்டால் பி.எஃப். பிடித்தம் இருக்காது. கைக்குக் கொஞ்சம் அதிகம் வருவதால் ஊழியரும் கேட்பதில்லை. நிலுவைக்கான பி.எஃப்.-ஐ தனி அரியர்ஸ் தாக்கலாகக் கட்ட வழி இருக்கிறது. இரண்டு மாதம் கழித்து பாஸ்புக்கில் அது வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

இ.எஸ்.ஐ. பற்றி ஒரு குறிப்பு. முழுச் சம்பளம் 25,000, ப்ரொபேஷனில் 20,000 என்றால், 21,000 வரம்புக்குள் இருப்பதால் ப்ரொபேஷனில் இ.எஸ்.ஐ. உண்டு. ஜூலையில் சம்பளம் 25,000 ஆனதும் அதை நிறுத்திவிடக் கூடாது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான பங்களிப்புக் காலம் முடியும்வரை தொடர வேண்டும். அவசரப்பட்டு ஜூலையிலேயே நிறுத்தினால் மருத்துவப் பலனில் சிக்கல் வரும்.

நிலுவை ஏன் வராமல் போகிறது? பெரும்பாலும் யாரும் ஏமாற்றுவதால் அல்ல. சம்பள மென்பொருளில் புதிய சம்பளத்தை ஏற்றும்போது இரண்டு தேதி கேட்கும். சம்பளம் எந்த நாள் முதல் பொருந்தும், எந்த மாதப் பட்டியலில் தர வேண்டும். இரண்டிலும் செப்டம்பர் என்று போட்டுவிட்டால் மென்பொருள் நிலுவையே உருவாக்காது. செப்டம்பர் பே ஸ்லிப்பில் சம்பளம் மட்டும் சரியாக 30,000 காட்டும், அரியர்ஸ் வரி இருக்காது. அதைக் கண்டதுமே ஹெச்.ஆர். பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். கடிதத்தில் உள்ள 'ஜூலை 10 முதல்' என்ற வரியை எடுத்துக்காட்டி, மாதவாரியாகக் கொடுத்ததும் கொடுக்க வேண்டியதும் எழுதி, கடிதத்தின் நகலையும் இரண்டு பே ஸ்லிப்பையும் இணைத்தால் போதும். வாய்மொழியாகக் கேட்டு 'அடுத்த மாதம் பார்க்கலாம்' என்ற பதிலை வாங்கிக்கொண்டு திரும்பாதீர்கள்.

கடிதம் வரும் முன்பே வேலையை விடுகிறவர்களுக்கு இன்னொன்று. ப்ரொபேஷனில் 15 நாள் நோட்டீஸ், உறுதியான பின் 60 நாள் என்று பல கடிதங்களில் இருக்கும். ஜூலை 10-க்குப் பிறகும் 24,000 கொடுத்துக்கொண்டே, ராஜினாமா செய்யும்போது 'நீங்கள் உறுதியானவர், 60 நாள் இருங்கள்' என்று சொல்லும் நிறுவனங்கள் உண்டு. சம்பளத்துக்கு ப்ரொபேஷன், நோட்டீஸுக்கு கன்ஃபர்ம்டு என்று இரண்டு வேடம் போட முடியாது. 60 நாள் கேட்டு அவர்கள் அனுப்பும் மின்னஞ்சலே உங்கள் நிலுவைக்கு நல்ல ஆதாரம். அதைப் பத்திரப்படுத்துங்கள்.

எழுதியும் பணம் வரவில்லை என்றால் தொழிலாளர் துறையை அணுகலாம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பில், உரிமை எழுந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் மனுச் செய்ய இடமிருக்கிறது. முன்பு மாதம் 24,000-க்கு மேல் வாங்குகிறவர்கள் ஊதியப் பட்டுவாடாச் சட்டத்தின் கீழ் போக முடியாது. இப்போது அந்த உச்சவரம்பு இல்லை, மேற்பார்வையாளர்களும் மேலாளர்களும் மனுச் செய்யலாம். வேலையை விட்டவருக்கு ஊதிய பாக்கியை இரண்டு வேலை நாளுக்குள் தீர்க்க வேண்டும் என்பதும் இதே சட்டத்தில் இருக்கிறது. மனுவோடு நியமனக் கடிதம், உறுதிக் கடிதம், பே ஸ்லிப்புகள், சம்பளம் வந்த வங்கிக் கணக்கின் அறிக்கை ஆகியவற்றை வையுங்கள். அலுவலக மின்னஞ்சல் கடைசி நாளன்றே முடக்கப்பட்டுவிடும் என்பதால், இவற்றையெல்லாம் வேலையில் இருக்கும்போதே உங்கள் சொந்தக் கணக்குக்கு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நன்றி, வணக்கம்.