கொழுக்கட்டைச் சொப்பு ஏன் வெடிக்கிறது?

வணக்கம். கொழுக்கட்டைக்குச் சொப்பு பிடிக்கும்போது ஓரம் வெடித்தால், கைப்பக்குவம் போதவில்லை என்று கையைத்தான் குறை சொல்கிறோம். ஆனால் முக்கால்வாசி நேரம் மாவு வேகாததுதான் காரணம். கோதுமை மாவைப் பச்சைத் தண்ணீரில் பிசைந்தாலே இழுபடும், அரிசியில் அந்தப் பசை கிடையாது. அதன் மாவுச்சத்து சூட்டில் தண்ணீரை உறிஞ்சிக் கூழானால்தான் மாவு வளையும், அதற்கு மாவுக்குள்ளேயே 70, 80 டிகிரி சூடு ஏறியாக வேண்டும்.

ஏற்காட்டில் தண்ணீர் சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதுவே போதும்தான், ஆனால் அடுப்பை அணைத்துவிட்டு அந்தத் தண்ணீரை மாவில் ஊற்றிக் கிளறினால், அங்கே இருக்கும் குளிருக்குக் கரண்டி நாலு சுற்று சுற்றுவதற்குள் சூடு இறங்கிவிடுகிறது. கீழே சேலத்தில் அப்படிச் செய்தும் ஓரளவு தப்பித்துக்கொள்ளலாம்.

போன சதுர்த்திக்கு ஏற்காட்டிலிருந்து என் நாத்தனார் போன் செய்தாள். "அண்ணி, தண்ணி தெளிச்சுத் தெளிச்சுப் பிசையறேன், கையில ஒட்டுது, ஆனா வெடிக்கவும் செய்யுது." கொஞ்சம் வாயில் போட்டுப் பார்க்கச் சொன்னேன், பச்சை மாவு வாடை அடிக்கிறது என்றாள். பச்சைத் தண்ணீர் மாவை நனைக்குமே தவிர வேகவைக்காது, அதனால்தான் பிசுபிசுப்பும் வெடிப்பும் சேர்ந்தே வந்தன. மாவைத் தட்டையாகப் பிய்த்து, ஈரத்துணி போட்ட இட்லித் தட்டில் ஐந்து நிமிடம் ஆவியில் வைத்து, கை பொறுக்கும் சூட்டில் நல்லெண்ணெய் தொட்டுப் பிசையச் சொன்னேன். சொப்பு வந்துவிட்டது.

முதலிலேயே சரியாகச் செய்ய, ஒரு டம்ளர் கடை மாவுக்கு ஒன்றே முக்கால் டம்ளர் தண்ணீர், உப்பு, ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய். ஊறவைத்து நிழலில் உலர்த்தி வீட்டில் அரைத்த ஈர மாவு என்றால் ஒன்றேகால் போதும், அதில் ஏற்கெனவே ஈரம் இருக்கிறது. தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது தீயைக் குறைத்து, மாவை மொத்தமாகப் போட்டுக் கட்டியில்லாமல் கிளறி, அடுப்பிலேயே இரண்டு நிமிடம் மூடி வையுங்கள். அணைத்த பிறகும் பத்து நிமிடம் மூடி திறக்கக் கூடாது, நடுவில் இருக்கும் மாவு வேகிற நேரம் அதுதான். அப்புறம் சூடு ஆறுவதற்குள் பிசைந்துவிட வேண்டும்.

சரி, முதல் நாலு கொழுக்கட்டை நன்றாக வந்து, அதற்குப் பிறகு வெடித்தால்? அது வேகாத குறை இல்லை, மேல்பக்கம் காய்ந்து மாவும் ஆறி இறுகிவிட்டது. எடுக்கிற உருண்டையைத் தவிர மீதியை ஈரத்துணியால் மூடியே வையுங்கள், இறுகிப்போனதை மறுபடி மூன்று நிமிடம் ஆவி காட்டிப் பிசைந்தால் இளகிவிடும். சொப்பு பிடிக்கும் விரலில் எண்ணெய் லேசாக இருந்தால் போதும். அதிகமானால் கூம்பு ஒட்டாமல், வேகும்போது வாய் பிளந்து பூரணம் வெளியே வந்துவிடும்.

மிஞ்சிய மாவை நாளைக்கு ஆகும் என்று பிரிட்ஜில் வைக்காதீர்கள், கல்லாகிவிடும். அன்றைக்கே சீடை அளவு உருட்டி ஆவியில் வைத்து, கடுகு, மிளகாய், தேங்காய்த் துருவல் போட்டுத் தாளித்துவிடுங்கள்.