ஆற்றில் போட்டாலும் அளந்து போடு

(வேலை தேடுவோருக்கான ஒரு கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் முதல்வர் அம்மையார் அவர்களே, எனக்கு முன்னால் பேசி என் நேரத்தில் பாதியை அன்போடு எடுத்துக்கொண்ட பேராசிரியர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் எச்.ஆர். மேலாளர்களே (உங்களிடம் எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது, கடைசியில் வருகிறேன்), வேலை தேடும் தம்பி தங்கைகளே, வணக்கம். பொன்னாடை போர்த்திய செயலாளருக்கும், அடுத்து மாலையோடு காத்திருந்த பொருளாளருக்கும் தனித்தனியே நன்றி. மாலையை அப்புறம் வாங்கிக்கொள்கிறேன்.

ரெஸ்யூமில் வரும் எண்களை மூன்று வகையாகப் பிரித்துப் பேசப் போகிறேன்: சதவீதம், தேதி, பணம். மூன்றுக்கும் என் பாட்டி சொன்ன பழமொழி ஒன்றே போதும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு.

முதலில் சதவீதம். நான் ஒரு நேர்காணல் குழுவில் உட்கார்ந்திருந்தேன். எந்த நிறுவனம் என்று கேட்காதீர்கள். ஒரு தம்பி வந்தார். நல்ல பையன், கண்ணைப் பார்த்துப் பேசினார். அவருடைய ரெஸ்யூமின் முதல் பக்கத்தில், மேலேயே, கொட்டை எழுத்தில்: ‘வாடிக்கையாளர் புகார்களை ஆறு மாதத்தில் 60% குறைத்தேன்.’ நான் மயங்கிவிட்டேன். என் பக்கத்தில் கணக்குப் பிரிவு அம்மையார் ஒருவர் இருந்தார். அவர் எதையும் மேலோட்டமாகப் பார்க்க மாட்டார், உணவுப் பட்டியலைக்கூடக் கூட்டிப் பார்ப்பவர். அவர் இரண்டாம் பக்கத்தைப் புரட்டினார். அங்கே, அதே வேலைக்குக் கீழே, ‘புகார் விகிதம் 2%-இலிருந்து 1% ஆனது’ என்று இருந்தது.

“தம்பி, இரண்டு ஒன்றானால் பாதி. பாதி என்றால் 50. முதல் பக்கத்தில் 60 போட்டிருக்கிறீர்களே, எது சரி?” என்றார்.

“இரண்டும் சரிதான் மேடம்” என்றார் அவர்.

“எப்படி?”

நெற்றி வேர்த்தது. கூரையைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார். கடைசியில் “தோராயமாகப் போட்டேன்” என்றார். அவ்வளவுதான். அந்த வார்த்தைக்குப் பிறகு மேசையில் இருந்த எல்லோரும் அவருடைய மற்ற எண்களையும் தோராயமாகவே படித்தோம்.

இனிதான் கதையே. முடிவு தெரிந்த பிறகு அவர் எனக்கு மின்னஞ்சல் அனுப்பினார். பழைய மாத அறிக்கைகளைத் தேடி எடுத்துக் கூட்டிப் பார்த்திருக்கிறார். தொடக்கத்தில் மாதம் 2,500 ஆர்டர், 50 புகார். ஆறு மாதம் கழித்து 2,000 ஆர்டர், 20 புகார். ஐம்பது இருபதானால் எண்ணிக்கையில் 60% குறைவு. 2,500-க்கு 50 என்பது 2%, 2,000-க்கு 20 என்பது 1%. அப்படியானால் விகிதத்தில் 50% குறைவு. பாவம், இரண்டும் சரிதான்! பொய்யே சொல்லாத ஒருவர், பொய் சொன்னவர் போல எழுந்து போனார்.

எங்கே கோட்டை விட்டார்? ஆர்டர் குறைந்ததை மறந்துவிட்டார். அவர் எதுவுமே செய்யாமல் விகிதம் 2% ஆகவே இருந்திருந்தாலும், 2,000 ஆர்டருக்கு 40 புகார்தான் வந்திருக்கும். ஆக, குறைந்த 30 புகாரில் 10 தானாகக் குறைந்தது. மீதி 20-ஐத்தான் அவர் உழைப்போடு சேர்த்துப் பேச முடியும். அதிலும் குழுவின் பங்கு உண்டு. ‘ஆயிரம் ஆர்டருக்கு 20 ஆக இருந்த புகார் 10 ஆனது’ என்று இரண்டு பக்கத்திலும் ஒரே மாதிரி எழுதியிருந்தால், அம்மையாரே வேலை போட்டுக் கொடுத்திருப்பார். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு!

(கைதட்டல். மாலையோடு இருந்த பொருளாளரும் தட்டினார்.)

ஆகவே ஒவ்வொரு சதவீதத்துக்கும் ஒரு தனித்தாளில் நான்கு பதில் எழுதி வையுங்கள். எதிலிருந்து எதற்கு? எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை? எந்த அறிக்கையிலிருந்து எண்ணினீர்கள்? அதில் உங்கள் கை எவ்வளவு? நான்கில் ஒன்றுக்குப் பதில் இல்லாவிட்டால் அந்த எண்ணை எடுத்துவிட்டு, செய்த வேலையை வார்த்தையில் எழுதுங்கள். வெளியே சொல்லக் கூடாத நிறுவனத் தகவல் அந்தத் தாளோடு நிற்கட்டும். அப்புறம், 10 நாள் வேலையை 6 நாளில் முடித்தால் நேரம் 40% குறைந்தது, சரி. ‘வேகம் 40% கூடியது’ என்று அதையே திருப்பிப் போடாதீர்கள். வேகம் ஏறத்தாழ 67% கூடியிருக்கிறது. இப்படித் தனக்கே நஷ்டமாக எழுதியவர்களையும் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது தேதி. இங்கேதான் என் வழக்கு இருக்கிறது. சதவீதத்தை நேர்காணலில் கேட்பார்கள். பின்புலச் சரிபார்ப்பில் பெரும்பாலும் முதலில் பார்ப்பது சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவியின் பெயர். ‘2019–2021’ என்று வெறும் ஆண்டு போடுகிறீர்கள். டிசம்பர் 2019-இல் சேர்ந்து ஜனவரி 2021-இல் விலகினாலும் அது சரி, இரண்டு முனையையும் சேர்த்து எண்ணினால் 14 மாதம். ஜனவரி 2019-இல் சேர்ந்து டிசம்பர் 2021-இல் விலகினாலும் அது சரி, 36 மாதம். படிப்பவர் எதை எடுத்துக்கொள்வார்? மாதத்தோடு எழுதுங்கள். மேலே ‘8 ஆண்டு அனுபவம்’ என்று போட்டால், கீழே உள்ள மாதங்களைக் கூட்டிப் பாருங்கள். ஒரே காலத்தில் செய்த இரண்டு வேலையை இரண்டு முறை கூட்டக் கூடாது.

ஆனால் தம்பிகளே, எவ்வளவு சரியாக எழுதினாலும் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. நீங்கள் பயிற்சியாளராகச் சேர்ந்த நாளை எழுதுவீர்கள். நிறுவனத்தின் பதிவேட்டில் நிரந்தரமான நாள் இருக்கும். கடைசியாக வேலைக்கு வந்த நாளை எழுதுவீர்கள். அங்கே ராஜினாமா கொடுத்த நாள் ஏறியிருக்கும். இன்னொன்று, நீங்கள் தினமும் போய் உட்கார்ந்தது ஒரு நிறுவனம், சம்பளம் போட்டது ஆள் அனுப்பும் ஒப்பந்த நிறுவனம். சரிபார்ப்பவர் முதல் நிறுவனத்தைக் கேட்டால் ‘அப்படி ஒருவர் எங்களிடம் வேலை செய்யவில்லை’ என்று பதில் வரும். அதுவும் உண்மைதான்! அதனால் ரெஸ்யூமில் சம்பளம் போட்ட நிறுவனத்தின் பெயரை எழுதி, எந்த நிறுவனத்துக்காக வேலை செய்தீர்கள் என்பதைப் பக்கத்தில் சேருங்கள். பயிற்சிக் காலத்தைத் தனி வரியாகப் போடுங்கள். விண்ணப்பப் படிவத்திலும் இணையத்தில் உள்ள உங்கள் சுயவிவரப் பக்கத்திலும் அதே தேதிகள் இருக்கட்டும்.

முன்வரிசை மேலாளர்களே, இப்போது உங்களிடம் வருகிறேன். இதையெல்லாம் விலகுகிற ஆள் நினைவிலிருந்து எழுத வேண்டியிருக்கிறதே, ஏன்? கடைசி நாளில் கையில் ஒரு தாள் கொடுங்கள். நான் ஆறு ஆண்டாக மேடைதோறும் கேட்பது இந்த ஒரு தாளைத்தான். சேர்ந்த நாள், நிரந்தரமான நாள், கடைசி வேலை நாள், ஒவ்வொரு பதவியும் தொடங்கிய நாள், சம்பளம் போட்ட நிறுவனத்தின் முழுப்பெயர். ஐந்தே வரி. சரிபார்ப்பவர் கேட்டால் நீங்கள் எந்தப் பதிவேட்டைப் பார்த்துச் சொல்வீர்களோ, அதையே பார்த்து எழுதுங்கள். ‘சில காலம் சிறப்பாகப் பணியாற்றினார், வாழ்த்துகிறோம்’ என்று ஒரு கடிதம் கொடுக்கிறீர்களே, அந்தச் ‘சில காலத்தை’ யார் அளப்பது? ஆற்றில் போட்டாலும்... சரி, நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

துண்டுச் சீட்டு வந்துவிட்டது. தலைவர் கோபமாக இல்லை, கடிகாரத்தை மட்டும் பார்க்கிறார். பணத்தைப் பற்றிப் பேச நேரம் இல்லை. ஒன்று மட்டும்: நீங்கள் கணக்கு எழுதிக்கொடுத்த தொகையை ‘நிர்வகித்த தொகை’ என்று போடாதீர்கள். மீதி இன்னொரு மேடையில்.

வாசலில் என் நண்பர்கள் மனுவோடு நிற்கிறார்கள். அந்த ஐந்து வரித் தாளை ஒவ்வொரு நிறுவனமும் தர வேண்டும் என்று கேட்கும் மனு. கையெழுத்துக்குப் பக்கத்தில் தேதிக்கு ஒரு கட்டம் இருக்கிறது, நாள், மாதம், ஆண்டு மூன்றையும் போடுங்கள். பொருளாளர் ஐயா, மாலையை இப்போது போடலாம்.