நாற்பது யூனிட்டுக்கு 1,280 ரூபாய்: எங்க ஸ்கூல் கரண்ட் பில் கதை

வணக்கம்ங்க. இந்தப் பக்கம் கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு ஜில்லா. இங்க ஒரு எய்டட் ஸ்கூல்ல ஆபீஸ் கணக்கு பாக்கறேன். மேசை மேல இருக்கறது போன வருஷ பில் ஆறும்.

வீட்டு பில்லுல அடுத்த படிக்குப் போனா, பெரும்பாலும் கூடுதல் யூனிட்டுக்குத்தான் கூடுதல் ரேட்னு நினைக்கறோம் இல்லையா? கேரளாவுல ஸ்கூலுக்கு அப்படி இல்லைங்க. அரசு, எய்டட் ஸ்கூலெல்லாம் எல்.டி. ஆறு-ஏங்கற கட்டண வகை. மாசம் 500 யூனிட் வரைக்கும் ஒரு ரேட். 501 ஆயிட்டா முதல் யூனிட்ல இருந்தே பெரிய ரேட். எங்களுக்கு ரெண்டு மாசத்துக்கு ஒரு ரீடிங், அதனால வரம்பு 1,000.

ரேட் மாறிட்டே இருக்கும், உங்க பில்லைப் பாத்துக்கங்க. நான் கணக்குக்கு ஆறு ரூபா, ஏழு ரூபான்னு வெச்சுக்கறேன்.

எங்க ஸ்கூல்ல 40 ஃபேன், எல்லாம் பழைய 75 வாட். எல்லாம் ஓடினா 3 கிலோவாட். ஆறு மணி நேரம், மாசம் 20 நாள்னா 360 யூனிட். கம்ப்யூட்டர் லேப், மோட்டார், ஆபீஸ் சேர்ந்து 140. லைட் 20. பிப்ரவரி, மார்ச்சுல இதுதான் மாசம் 520. ரெண்டு மாசத்துக்கு 1,040. யூனிட் காசு மட்டும் 7,280 ரூபா! ஆயிரத்துல நின்னிருந்தா 6,000.

ஜூன், ஜூலை மழையில ஃபேன் பாதி குறையும், ஆனா கிளாஸ் இருட்டு, லைட்டே மாசம் 120 தின்னுடும். அப்பவும் ரெண்டு மாசத்துக்கு 880தான். ஏப்ரல், மே லீவுல ரெண்டு மாசமும் சேர்ந்து 120. ஆனா ஃபிக்ஸட் சார்ஜ் லீவுக்கும் வரும்ங்க, அதைத் தனி வரியா எழுதிடுங்க.

நான் முதல்ல பண்ண தப்பு என்னன்னா, வருஷ மொத்தம்னு முன்கூட்டியே போட்ட 4,540 யூனிட்டை ஆறால வகுத்தேன். பில்லுக்கு 757. "வரம்பைத் தாண்டவே மாட்டோம்"னு ஹெச்.எம். கிட்ட சொல்லிட்டேன். மார்ச் பில் வந்தப்போ அவங்க பாத்த பார்வை இருக்கே... சராசரியில அந்த 1,040 ஒளிஞ்சுகிட்டு இருந்திருக்கு. அதனால இப்போ ஒவ்வொரு பில்லுக்கும் தனித்தனியா எழுதறேன்.

இந்த வருஷம் வெயில் படற மேல் மாடியில பத்து ஃபேனை மட்டும் 35 வாட் பி.எல்.டி.சி.யா மாத்தினோம். மாசம் 48 யூனிட் மிச்சம். பிப்ரவரி, மார்ச் பில் 1,040-ல இருந்து 944-ல நிக்கணும், யூனிட் காசு 5,664.

மத்தபடி வெள்ளிக்கிழமை சாயங்காலம் மீட்டரை போட்டோ எடுத்து, நோட்டுல எழுதறேன். ரெண்டு வாரம் முன்னாடி திடீர்னு கூடிடுச்சு. போய்ப் பாத்தா டேங்க் நிரம்பி வழியுது, மோட்டாரை யாரும் அணைக்கல. இப்போ சுவிட்ச் பக்கத்துலயே வாட்ச்மேன் அண்ணன் நாற்காலி.