சீடை பேக்கெட்டுக்கு ஒரு க்யூஆர், கடை வாசலுக்கு வேற க்யூஆர்

வாங்க வாங்க, எல்லாரும் நல்லா இருக்கீங்களா? காரைக்குடில கொப்புடையம்மன் கோயில் பக்கத்துல இருக்கேன். பின்னாடி தெரியுறது ஒரு ஆச்சியோட பலகாரக் கடை. சீப்பு சீடை, மணகோலம், கைமுறுக்கு, மாவுருண்டை எல்லாம் இங்க போடுறாங்க. புதுசா போர்டும் பேக்கெட்டும் அடிக்கப் போறாங்க, அதுல க்யூஆர் கோட் வைக்கணும்னு கேட்டாங்க. அந்த வேலையத்தான் உங்களுக்கும் காட்டப் போறேன்.

பிரஸ்ல கேட்டது ஒரே கேள்வி. "லிங்க் குடுங்க, எல்லாத்துலயும் போட்டுடலாம்." அங்கதான் நான் நிறுத்தச் சொன்னேன். வாசல்ல போர்டைப் பார்த்து ஸ்கேன் பண்றவர் யாரு? கடைக்கு நேர நிக்கிறவர். அவருக்கு கடைக்கு வழி தேவையில்ல, வந்துதான் நிக்கிறாரு. இன்னிக்கு என்ன பலகாரம் போட்டிருக்காங்க, என்ன விலை, அதுதான் வேணும். ஆச்சி மதியம் கடையைச் சாத்திடுவாங்க, அப்ப வந்தவருக்கு சாயங்காலம் எத்தனை மணிக்குத் திறப்பாங்கன்னு தெரியணும். அதனால இந்தக் கோடு ஷட்டர்லயோ உள்ள கண்ணாடிக் கதவுலயோ இருக்கக் கூடாது, பக்கத்துச் சுவர்ல இருக்கணும்.

பேக்கெட்டைக் கையில வச்சிருக்கவர் வேற ஆளு. அவரு மெட்ராஸ்ல இருக்கலாம், சிங்கப்பூர்ல மக வீட்டுல இருக்கலாம். இந்த ஊர்ப் பலகாரம் எப்பவுமே பெட்டில ஏறி வெளியூர் போறதுதானே. அவருக்கு கடை திறக்கிற நேரம் எதுக்கு? பிரிச்ச சீடை நமத்துப் போகாம எப்படி வைக்கிறது, இதுல தேங்காப்பால் இருக்கா, திரும்ப எப்படி வரவழைக்கிறது, இந்த மூணும்தான் கேள்வி. அதனால சீடை பேக்கெட்டை ஸ்கேன் பண்ணினா திறக்கிற பக்கத்துல முதல் வரியே "காத்துப் போகாத எவர்சில்வர் டப்பால போட்டு இறுக்கி மூடுங்க"ன்னு இருக்கு. அதுக்குக் கீழ ஒரே பட்டன், அமுக்கினா வாட்ஸ்அப் திறக்கும், "சீப்பு சீடை அரை கிலோ வேணும்"னு செய்தி தயாரா நிக்கும், அனுப்பினா போதும். லோகோ சுத்துறது, பேனர் ஓடுறது ஒண்ணும் வைக்கல. பஸ்ஸுல டேட்டா கம்மியா இருந்தாலும் பக்கம் உடனே திறக்கணும். நிறைய பேர் மெனு கார்டையே பிடிஎஃப்பா ஏத்திடுறாங்க. சின்ன ஸ்கிரீன்ல அதை இழுத்து இழுத்துப் படிக்க யாருக்குப் பொறுமை இருக்கு?

இப்ப கோடுக்கு வருவோம். 1994ல ஜப்பான்ல டென்சோ வேவ் கம்பெனி கார் உதிரி பாகத்தைக் கண்காணிக்கக் கொண்டு வந்தது இது. உள்ள எவ்வளவு எழுத்து வைக்கிறோமோ அவ்வளவு கட்டம் கூடும். இங்க பாருங்க, ஸ்கிரீன்ல ரெண்டு கோடு இருக்கு. இடது பக்கம் இருக்கிறது 90 எழுத்து நீளமான லிங்க், அது 41க்கு 41 கட்டம். வலது பக்கம் இருக்கிறது இது:

```
HTTPS://EXAMPLE.IN/S
```

மொத்தம் 20 எழுத்து. எல்லாம் பெரிய எழுத்துல குடுத்திருக்கேன், அதுக்குக் காரணம் இருக்கு. பெரிய எழுத்தும் எண்ணும், புள்ளி, சாய்கோடு மாதிரி சில குறிகளும் மட்டும் இருந்தா கோடு அதைச் சுருக்கி வச்சுக்கும். அதனால 21க்கு 21 கட்டத்துலயே முடிஞ்சிடுச்சு, அதான் சாதாரண க்யூஆர்ல இருக்கிறதுலயே சின்னது. ரெண்டையும் பேக்கெட்ல இரண்டரை சென்டிமீட்டர் அகலத்துல அடிக்கிறோம்னு வைங்க. நீள லிங்க்ல ஒரு கட்டம் அரை மில்லிமீட்டரை விடக் கொஞ்சம்தான் கூட. குட்டி லிங்க்ல ஒரு மில்லிமீட்டருக்கு மேல. பிளாஸ்டிக் கவர்ல மை லேசா பரவும், சின்னக் கட்டம்னா பக்கத்துக் கட்டத்தோட ஒட்டிக்கும், அப்புறம் போன் திணறும்.

பேரைப் பெரிய எழுத்துல போட்டாலும் சின்ன எழுத்துல போட்டாலும் தளம் ஒண்ணுதான். ஆனா கடைசில இருக்கிற `/S` பல சர்வர்ல அப்படியில்ல, `/s` வேற, `/S` வேற. அதனால ரெண்டுமே வேலை செய்யுற மாதிரி போட்டுடுங்க.

இந்த `/S` உண்மையான பக்கம் இல்ல, வழி காட்டுற பலகை மட்டும்தான். ஆச்சிக்கு பேக்கெட் ரோல் மொத்தமாத்தான் அடிச்சுத் தருவாங்க, அது தீர மாசக்கணக்காகும். அதுக்குள்ள பக்கத்தோட முகவரி மாறினா அச்சடிச்சதை அழிக்க முடியாது. அதனால ஹோஸ்டிங்ல `.htaccess` ஃபைல்ல இப்படி:

```
Redirect 302 /S https://example.in/seedai
Redirect 302 /s https://example.in/seedai
Redirect 302 /B https://example.in/kadai
Redirect 302 /b https://example.in/kadai
```

நாளைக்கு எங்க அனுப்பணுமோ அங்க மாத்திக்கலாம். 302ன்னு போடுங்க, 301 வேணாம். 301 நிரந்தரம்னு அர்த்தம், போன் பழைய வழியை ஞாபகம் வச்சுக்கிட்டு, நீங்க மாத்தின பிறகும் அங்கயே போகலாம். வாசலுக்கு `/B`, பேக்கெட்டுக்கு `/S`ன்னு தனித்தனி எழுத்து இருக்கிறதால எதுல இருந்து எத்தனை பேர் வந்தாங்கன்னு சர்வர் கணக்குலயே தெரிஞ்சிடும்.

இலவசமா க்யூஆர் போட்டுத் தர்ற சைட்டுகள்ல கவனமா இருங்க. சிலது அவங்க லிங்க்கைத்தான் கோடுக்குள்ள வைக்கும், சோதனைக் காலம் முடிஞ்சா நிறுத்திடும். கோடு போட்டதும் ஸ்கேன் பண்ணி, திறக்கிறதுக்கு முன்னாடி ஸ்கிரீன்ல தெரியுற முகவரியைப் படிங்க. உங்க பேர் இல்லாம வேற பேர் தெரிஞ்சா அதை அச்சுக்கு அனுப்பாதீங்க.

அச்சுல ஆச்சி கேட்டது அரக்கு நிறத்துல தங்க நிற க்யூஆர் கோடு. கண்டாங்கிச் சேலை மாதிரி அழகாத்தான் இருக்கும். ஆனா இருண்ட பின்னணில வெளிர் கோடுன்னா சில ஆப்புக்குப் படிக்க வராது, தங்க மை டியூப்லைட்ல வேற மின்னும். அதனால பேக்கெட் அரக்காவே இருக்கட்டும்னு, கோடு விழுற இடத்துல மட்டும் வெள்ளைச் சதுரம் விட்டு கறுப்புல அடிக்கச் சொன்னேன். கோடைச் சுத்தி நாலு கட்ட அகலத்துக்கு வெள்ளை கட்டாயம் வேணும். டிசைன் பண்றவங்க முதல்ல கை வைக்கிறது அந்த வெள்ளைலதான், பார்டரைக் கொண்டுவந்து ஒட்டிடுவாங்க.

இடமும் முக்கியம். நடுத் தையல்லயோ, சூடு வச்சு ஒட்டுற விளிம்புலயோ போட்டா மடங்கிடும். ப்ரூஃப் வந்ததும் வெறும் கவரை ஸ்கேன் பண்ணிப் பார்த்தா பத்தாது. உள்ள சீடையைப் போட்டு ஒட்டி, உப்பி சுருங்கின நிலைமைல, வீட்டுல இருக்கிற பழைய போனால ஸ்கேன் பண்ணுங்க. இந்தா, பாருங்க, கவர் இந்த மூலைல சுருங்கியிருக்கு, போன் தேடிக்கிட்டே இருக்கு. ரெண்டு விரல் மேல தள்ளினா உடனே எடுக்குது.

போர்டுக்கு ஒரு கணக்கு இருக்கு. எவ்வளவு தூரத்துல நின்னு ஸ்கேன் பண்றாங்களோ அதுல பத்துல ஒரு பங்கு அகலம் வேணும். ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஆறு மீட்டர்னா 60 சென்டிமீட்டர் கோடு. அது கடைப் பேரையே முழுங்கிடும். பெரிய போர்டுல கோடே வைக்காம, சுவர்ல கண் மட்டத்துல 15 சென்டிமீட்டர் பலகை வச்சா ஒன்றரை மீட்டர்ல நின்னு எடுக்கலாம்.

கோடுக்கு மேல எழுத்தும் வேணும். நம்ம ஆளுங்க க்யூஆரைப் பார்த்தா பணம் கட்டத்தான்னு ஜிபேயைத் திறக்குறாங்க. அதனால பேக்கெட்ல "சீடை நமத்துப் போகாம இருக்க, திரும்ப ஆர்டர் பண்ண: கேமராவால ஸ்கேன் பண்ணுங்க"ன்னு இருக்கு. சுவர்ல "இன்னிக்கு என்ன பலகாரம், விலை என்ன"ன்னு. "ஸ்கேன் மீ"ன்னு மட்டும் போட்டா எதுக்குன்னு யாருக்குத் தெரியும்? சுவர்ப் பலகை மேல யாரும் வேற ஸ்டிக்கர் ஒட்டலையேன்னு காலைல கடை திறக்கும்போது ஒரு தடவை ஸ்கேன் பண்ணிப் பாருங்க.

பேக்கெட்ல தயாரிச்ச தேதி, சேர்மானம், எடை, உணவு உரிம எண், இதெல்லாம் வழக்கம் போல அச்சுலயே இருக்கணும். கோடுக்குள்ள இருக்குன்னு விட முடியாது.

அப்புறம் டொமைன். வருசா வருசம் புதுப்பிக்க விட்டுட்டா அந்தப் பேரை வேற யாரும் வாங்கிடலாம், சிங்கப்பூர்ல அலமாரில இருக்கிற சீடை பேக்கெட் அவங்க பக்கத்துக்குப் போயிடும். ஆச்சிக்கு சேர்ந்தாப்ல அஞ்சு வருசத்துக்குக் கட்டியாச்சு, பதிவும் கடைக்காரங்க மெயில் ஐடிலயேதான், என்னோடதுல இல்ல. உங்க கடை ப்ரூஃப் ஸ்கேன் ஆகலைன்னா பேக்கெட்டைப் படம் எடுத்து அனுப்புங்க, சேர்ந்து பார்ப்போம்.